11 கிலோவோல்ட் லைனில் மஞ்சள், நீல பேஸ்களின் லைட்னிங் அரெஸ்டர் மட்டும் திரும்பத் திரும்ப வெடிக்கிறது: மின்னலா, எர்த்திங்கா?

கதிர்வேலு_பீன்யா:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்பை நான் கவனித்து வருகிறேன். வாயிலில் உள்ள டபுள் போலில் 11 கிலோவோல்ட் மின்சாரம் வந்து, அளவீட்டுப் பெட்டியையும் எங்கள் பிரேக்கரையும் கடந்து, முதல் கொட்டகையின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சிறிய கேபிள் வழியே போகிறது. அங்கிருந்து வளாகத்தின் பின்கோடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் தூரம் ஒன்பது கம்பங்களில் திறந்த லைன் செல்கிறது. அதன் முடிவில் இரண்டாம் கொட்டகையின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அந்தப் பின்கோடி டபுள் போலில் உள்ள லைட்னிங் அரெஸ்டர்கள், அதாவது எல்.ஏ.க்கள்தான் எங்களுக்குத் தொல்லையாக இருக்கின்றன.

பதினான்கு மாதங்களில் நான்கு போய்விட்டன. முதலில் போனது பழைய பீங்கான் எல்.ஏ. அது நடுவில் விரிந்து, உள்ளே கறுத்திருந்தது. அடுத்த மூன்றும் புதிய பாலிமர் வகை. அவற்றின் உறை பக்கவாட்டில் பிளந்து புகை படிந்திருந்தது, அடியிலுள்ள டிஸ்கனெக்டர் கழன்று எர்த் கம்பி கீழே தொங்கியது. நான்குமே 9 கிலோவோல்ட் ரேட்டிங், 5 கிலோஆம்பியர் வகை. ஒவ்வொரு முறையும் மழை இரவுக்கு மறுநாள் காலையில்தான் இதைப் பார்க்கிறோம். மின்னல் தாக்கியது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் புதியதை மாட்டுகிறோம். எல்.ஏ. குழியில் எர்த் ரெசிஸ்டன்ஸ் 14 ஓம் வருகிறது. குழியைச் சரிசெய்தால் இது நிற்குமா என்பதே என் கேள்வி.

எர்த்பிட்_ராஜா:

கதிர்வேலு அண்ணா, விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 14 ஓம் என்பது எல்.ஏ.வுக்குப் பொருந்தாத அளவு. மின்னலின் ஆற்றல் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் எல்.ஏ.வுக்குள்ளேயே தங்கிவிடுவதால்தான் அது வெடிக்கிறது. பெங்களூரில் சில அடி தோண்டினாலே பாறை வந்துவிடுகிறது. சாதாரண குழாய் எர்த் கோடையில் வறண்டு பயனற்றுப் போகிறது. பெண்டோனைட் இட்டு இரண்டு ஆழமான மின்முனைகளை அமைத்து ஒன்றோடொன்று இணைத்தால் 2 ஓமுக்குக் கீழே கொண்டுவரலாம். இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன், எர்த் சரியாக இருக்கும் இடத்தில் எல்.ஏ. போய் நான் பார்த்ததில்லை.

நளினி_ஒயிட்ஃபீல்டு:

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதே சிக்கல் இருக்கிறது. மொட்டைமாடியில் இடிதாங்கி நல்ல நிலையில் இருந்தும் சென்ற மே மாதம் இடி இடித்தபோது லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிட்டது, மூன்று வீடுகளில் தொலைக்காட்சிகளும் போயின. எங்கள் இடிதாங்கியிலும் விரிசல் இருக்கிறதா என்று யாரிடம் சோதிக்கச் சொல்ல வேண்டும்?

சோதனைக்கூடம்_சுந்தரம்:

நளினி அம்மா, உங்கள் மொட்டைமாடியில் இருப்பது கட்டடத்தின் மேல் விழும் மின்னலை மண்ணுக்கு இறக்கும் வெறும் உலோகக் கம்பி. அதில் விரிசல் விட ஒன்றுமில்லை, அதன் இணைப்புகளும் எர்த்தும் மட்டுமே பார்க்க வேண்டியவை. லிஃப்டின் பலகை எரிந்தது பெரும்பாலும் மின்கம்பி வழியாக உள்ளே வந்த சர்ஜால். அதற்கு உங்கள் முதன்மைப் பலகையில் சர்ஜ் தடுப்புக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். கதிர்வேலு கேட்பது லைனில் தொங்கும் அரெஸ்டரைப் பற்றி, அது வேறு பொருள்.

தம்பி கதிர்வேலு, குழியைத் தோண்டுவதற்கு முன் மூன்று செய்திகள் வேண்டும். போன நான்கும் எந்தெந்த பேஸ்? வாயிலில் உள்ள எல்.ஏ.க்கள் எப்படி இருக்கின்றன? அந்த நான்கு இரவுகளிலும் ஜெனரேட்டர் ஓடியதா, ஓடியிருந்தால் பின்கோடிக் கொட்டகைக்கு அதன் மின்சாரம் எந்த வழியாகப் போனது?

ராஜாவின் வேலை அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் சொன்ன காரணத்தை ஏற்க முடியவில்லை. எர்த் ரெசிஸ்டன்ஸ் என்பது எல்.ஏ.வோடு தொடரில் நிற்கும் தடை. அது கூடினால் எல்.ஏ. வழியே ஓடும் மின்னோட்டம் குறையுமே தவிர, ஆற்றல் எல்.ஏ.வுக்குள் தேங்குவதில்லை. மோசமான எர்த் டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்லக்கூடும். எல்.ஏ.வைக் கொல்வது அரிது.

கதிர்வேலு_பீன்யா:

ஐயா, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மஞ்சள், நீலம், மஞ்சள், மறுபடியும் மஞ்சள் என்ற வரிசையில் போயிருக்கின்றன. சிவப்பு பேஸில் இருப்பது தொடக்கத்தில் மாட்டிய பழைய பீங்கான் எல்.ஏ., அது இன்றும் அப்படியே நிற்கிறது. வாயிலில் உள்ள மூன்றும் எட்டு ஆண்டுகளாக மாற்றப்படவில்லை.

நான்கு இரவுகளிலும் ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. முதல் கொட்டகையில் உள்ள ஜெனரேட்டர் 415 வோல்ட் தருகிறது. பின்கோடிக்குத் தனி ஜெனரேட்டர் இல்லாததால், வாயில் பிரேக்கரைத் திறந்து இண்டர்லாக் போட்ட பிறகு, முதல் கொட்டகையின் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாகப் பயன்படுத்தி 415 வோல்ட்டை 11 கிலோவோல்ட்டாக ஏற்றி அதே லைன் வழியாக அனுப்புகிறோம். நான்கில் மூன்று இரவுகளில் ஜெனரேட்டர் சிறிது நேரம் ஓடிவிட்டு ஓவர்கரண்டில் டிரிப் ஆனதாகக் குறிப்பு இருக்கிறது. லோடு கூடிவிட்டது என்று ஆபரேட்டர் எழுதியிருக்கிறார். இது எல்.ஏ.வோடு தொடர்புடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சோதனைக்கூடம்_சுந்தரம்:

தொடர்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

11 கிலோவோல்ட் என்பது இரண்டு பேஸ்களுக்கு இடையிலான அளவு. ஒரு பேஸுக்கும் தரைக்கும் இடையே இயல்பாக இருப்பது அதை 1.732 ஆல் வகுத்த 6.35 கிலோவோல்ட். 9 கிலோவோல்ட் ரேட்டிங் கொண்ட எல்.ஏ. இடைவிடாமல் தாங்கக்கூடியது பொதுவாக 7.65 கிலோவோல்ட், உங்கள் பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் பொறித்திருக்கும். எனவே நாள்தோறும் அது நிம்மதியாக இருக்கிறது. நகரத்தின் 66/11 கிலோவோல்ட் துணை நிலையங்களில் 11 கிலோவோல்ட் பக்கத்து நியூட்ரல் நேரடியாகத் தரையோடு இணைந்திருப்பதால், ஒரு பேஸ் தரையைத் தொட்டாலும் மற்ற இரண்டும் அதிகம் உயர்வதில்லை, ரிலேயும் உடனே பிரேக்கரைத் திறந்துவிடும். 9 கிலோவோல்ட் என்ற ரேட்டிங் அந்த ஏற்பாட்டை நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இப்போது உங்கள் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் 11 கிலோவோல்ட் பக்கம் டெல்டா. டெல்டாவில் நியூட்ரலே கிடையாது. வாயில் பிரேக்கர் திறந்தவுடன் துணை நிலையத்தின் நியூட்ரலும் உங்களிடமிருந்து துண்டிக்கப்படுகிறது. அந்த நொடியிலிருந்து உங்கள் 500 மீட்டர் லைன் தரையோடு எந்தப் பிடிப்பும் இல்லாமல் மிதக்கிறது. அந்த நிலையில் சிவப்பு பேஸ் எங்காவது தரையைத் தொட்டால் பெரிய மின்னோட்டம் எதுவும் ஓடாது, எந்த ரிலேயும் அதைக் காணாது, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் மஞ்சளும் நீலமும் தரைக்கு எதிராக முழு 11 கிலோவோல்ட்டுக்கு ஏறி நிற்கும். 7.65 தாங்கும் பொருளின் மேல் 11 நிற்கிறது. எல்.ஏ.வுக்குள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வட்டுகள் இதைச் சர்ஜ் என்றே எடுத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கடத்தும். மின்னல் சர்ஜ் என்றால் சில மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும். இங்கே நொடிக்கு நூறு முறை மின்னழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது, ஒவ்வோர் உச்சத்திலும் வட்டு சூடாகிறது, சூடானால் இன்னும் அதிகமாகக் கடத்துகிறது, கடைசியில் உறை பிளக்கிறது. அப்படிப் பிளந்த எல்.ஏ. மஞ்சள் பேஸைத் தரையோடு இணைத்துவிடுவதால், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே தரை வழியாக ஷார்ட் ஏற்படுகிறது. அப்போதுதான் உங்கள் ஜெனரேட்டர் ஓவர்கரண்டில் நிற்கிறது.

பழுதுபட்ட பேஸில் உள்ள எல்.ஏ. மட்டும் இந்தத் துன்பத்திலிருந்து தப்பிக்கிறது, ஏனெனில் அதன் மேல் மின்னழுத்தமே இருக்காது. சிவப்பில் இருக்கும் பழைய பீங்கான் தப்பித்துக்கொண்டே வருவதும், பிரேக்கருக்கு அப்பால் இருக்கும் வாயில் எல்.ஏ.க்கள் எட்டு ஆண்டுகளாக நிற்பதும் இதோடு ஒத்துப்போகின்றன. அருகில் விழும் மின்னல் தூண்டும் சர்ஜ் மூன்று கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். அது நான்கு முறையும் ஒரு பேஸைத் தவிர்த்துவிட்டுப் போகும் என்று நான் நம்பமாட்டேன்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது பின்கோடியில் இல்லை. சிவப்பு பேஸில் வாயிலுக்கும் பின்கோடிக்கும் நடுவே மழையில் மட்டும் தரையைத் தொடும் ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பின் இன்சுலேட்டர்களைப் பாருங்கள். லைனை முறைப்படி நிறுத்தி, இரு முனைகளிலும் எர்த் ராடு மாட்டிய பிறகே ஏற வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்தையும் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக ஊட்டும் வளாகங்களில் ஆட்கள் மறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

தேன்மொழி_ரிலே:

சுந்தரம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதலில் மின்சாரம் ஏன் போனது என்றும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த இன்சுலேட்டர் பழுதாக இருந்தால், நகர மின்சாரத்தில் ஓடும்போதே வாயில் பிரேக்கரின் எர்த் ஃபால்ட் ரிலே இயங்கியிருக்கும். அதை மின்தடை என்று எண்ணி ஆபரேட்டர் ஜெனரேட்டரை ஓட்டியிருந்தால், ஏற்கெனவே பழுதான லைனை நியூட்ரல் இல்லாத நிலையில் மறுபடியும் உயிர்ப்பித்திருக்கிறார் என்று பொருள். ரிலேயின் கொடி விழுந்ததா என்று கேளுங்கள். மேலும், ஈரமான விரிசலில் தீப்பொறி அணைந்தணைந்து மூளுமானால், மிதக்கும் அமைப்பில் மின்னழுத்தம் 11 கிலோவோல்ட்டையும் தாண்டித் துள்ளக்கூடும்.

எர்த்பிட்_ராஜா:

ஐயா, நியூட்ரல் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் 14 ஓமை அப்படியே விட்டுவிடலாம் என்று பொருளா? அதையும் சொல்லுங்கள்.

சோதனைக்கூடம்_சுந்தரம்:

விடக் கூடாது ராஜா, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 5 கிலோஆம்பியர் சர்ஜ் 14 ஓம் வழியே இறங்கினால் அந்தக் குழியின் தலைப்பில் 70 கிலோவோல்ட் எழும். எல்.ஏ. தன் பங்குக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட்டைத் தாங்கி நிற்கும். 11 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் சர்ஜ் தாங்குதிறன் 75 கிலோவோல்ட். எல்.ஏ.வின் எர்த் கம்பி தனியே அந்தக் குழிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரின் தொட்டி வேறொரு நல்ல குழியில் இணைந்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் மேல் 30 உடன் 70 சேர்ந்து 100 கிலோவோல்ட் விழும். காப்பு போய்விடும். அதே எல்.ஏ.வின் அடிமுனையைத் தொட்டியோடு குறுகிய கம்பியால் இணைத்துவிட்டால், இரண்டும் சேர்ந்து உயரும், சுருளின் மேல் விழுவது 30ஐ ஒட்டியே இருக்கும். எனவே முதலில் அந்த இணைப்பு, பிறகு குழி.

கம்பியின் நீளமும் முக்கியம். ஒரு மீட்டர் கம்பி ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி. சர்ஜ் மைக்ரோ நொடிக்கு 10 கிலோஆம்பியர் வேகத்தில் ஏறினால் மீட்டருக்கு 10 கிலோவோல்ட் கூடும். எல்.ஏ.வை டபுள் போலின் மேல் குறுக்குக் கையில் மாட்டி, கம்பியைக் கீழே வரை இறக்கித் தொட்டிக்குக் கொண்டுபோகும் வழக்கத்தில் நான்கைந்து மீட்டர் வீணாகச் சேர்கிறது. எல்.ஏ.வைத் தொட்டியின் மேலேயே, புஷிங் அருகே பொருத்துவது நல்லது.

இன்னொன்று. 14 ஓம் என்பதை எந்தக் கருவியால் அளந்தீர்கள்? கிளாம்ப் வகை என்றால், குழி வேறு குழிகளோடு இணைந்திருக்கும்போது அது அந்தச் சுற்று முழுவதையும் சேர்த்துக் காட்டும். சில நேரம் நிலத்தடியில் உலோக வழியே சுற்றிவந்து ஒரு ஓமுக்குக் கீழே காட்டி ஏமாற்றும். குழியைத் தனித்துக் கழற்றி, இரண்டு முளைகளை நட்டு அளந்த அளவையே நம்புங்கள். கழற்றும்போது லைனில் மின்சாரம் இருக்கக் கூடாது.

கதிர்வேலு_பீன்யா:

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை லைனை நிறுத்தி ஏறினோம். நான்காவது கம்பத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் கிளை தழைந்து நிற்கும் இடத்தில், சிவப்பு பேஸின் பின் இன்சுலேட்டரில் பாவாடைக்கு அடியே முடிபோல ஒரு விரிசல் இருந்தது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. பின்னைச் சுற்றிலும் கறுத்த தடமும் குறுக்குக் கையில் கருகிய புள்ளியும் இருந்தன. காய்ந்த நிலையில் 5 கிலோவோல்ட் மெக்கரில் நன்றாகவே காட்டியது. பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்தபோது அளவு சில மெகாஓமுக்கு விழுந்தது. அதன் பின் மெக்கர் 5 கிலோவோல்ட்டையே தாங்க முடியாமல் இறங்கியது.

தேன்மொழி அம்மா கேட்டதும் உண்மை. நான்கு இரவுகளில் இரண்டில் எர்த் ஃபால்ட் கொடி விழுந்ததாக ஷிஃப்ட் குறிப்பேட்டில் இருக்கிறது. கொடியைத் தூக்கிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டு இரவுகளுக்குக் குறிப்பே இல்லை.

எர்த் அளவு, முளை நட்டு அளந்தபோது 17 ஓம் வந்தது. எல்.ஏ.வின் அடிமுனையைத் தொட்டியோடு இணைத்துவிட்டோம், ராஜா அண்ணன் சொன்னபடி புதிய குழிகளுக்கும் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். இன்சுலேட்டர் மாற்றப்பட்டது. இப்போது எந்த ரேட்டிங்கில் எல்.ஏ. வாங்குவது என்று தெரியவில்லை. கடைக்காரர் 12 கிலோவோல்ட் போதும் என்கிறார்.

தேன்மொழி_ரிலே:

12 கிலோவோல்ட் போதுமா என்பது, பழுது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைப் பொறுத்தது. 12 கிலோவோல்ட் ரேட்டிங் எல்.ஏ. இடைவிடாமல் தாங்குவது பொதுவாக 10.2 கிலோவோல்ட். 11 கிலோவோல்ட்டைச் சில நொடிகள் தாங்கும், ஓர் இரவு முழுவதும் தாங்காது. உங்களிடம் இப்போது ஜெனரேட்டர் ஓடும்போது எர்த் ஃபால்ட்டைக் காணும் ரிலே எதுவுமில்லை. லைன் பக்கத்தில் மின்னழுத்தத்தை அளக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களான பி.டி.க்களை, பேஸுக்கு ஒன்றாக மூன்று ஒற்றை பேஸ் வகையில் வைத்து, அவற்றின் ஓப்பன் டெல்டா முனையில் நியூட்ரல் இடப்பெயர்ச்சி ரிலேயை மாட்டி, ஒரு நொடிக்குள் ஜெனரேட்டர் பிரேக்கரைத் திறக்கச் செய்தால் 12 போதும். என் தேர்வு அதுதான், ஏனெனில் பழுதைக் கண்டுபிடிக்காமல் எல்.ஏ.வை மட்டும் வலுவாக்கினால், கம்பத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி யாருக்கும் தெரியாமல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கம்பத்தைத் தொடுபவரின் உயிர் எல்.ஏ.வைவிடப் பெரிது. மிதக்கும் அமைப்பில் பி.டி. வைத்தால் ஃபெரோரெசனன்ஸ் என்ற மின்னழுத்த அலைக்கழிப்பு வரக்கூடும், அந்த ஓப்பன் டெல்டாவிலேயே தணிப்புத் தடையையும் சேர்த்து வாங்குங்கள்.

சோதனைக்கூடம்_சுந்தரம்:

ரிலே வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரிலே வரும்வரை, அல்லது அது என்றாவது இயங்காமல் போகும் நாளுக்காக, நான் 15 கிலோவோல்ட்டை மாட்டுவேன். அது இடைவிடாமல் 12க்கு மேல் தாங்கும், ஆகவே முழு இரவும் நிற்கும். அதற்கு விலை என்னவென்றால், சர்ஜ் வரும்போது அது அனுமதிக்கும் மின்னழுத்தம் 30இலிருந்து 50ஐ நெருங்கும். 75 தாங்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இடைவெளி குறைகிறது. நீளமான கம்பிகள் இருந்தால் அந்த இடைவெளியே இருக்காது. தொட்டியின் மேல் பொருத்தி, கம்பியை அரை மீட்டருக்குள் வைத்தால் மட்டுமே 15ஐப் பரிந்துரைப்பேன்.

சிவப்பில் உள்ள பழைய பீங்கானையும் மாற்றிவிடுங்கள். அது துன்பம் பார்க்காதது என்றாலும் அதன் வயதில் ரப்பர் வளையம் இறுகி ஈரம் உள்ளே போயிருக்கலாம். நான்காம் முறை போன எல்.ஏ.க்குப் பக்கத்தில், அதே இரவுகளைக் கண்ட நீல பேஸ் எல்.ஏ.வையும் வைத்திருக்காதீர்கள். வெளியே புதிதுபோல் இருந்தாலும் வட்டுகள் களைத்திருக்கும். மாற்றுவதற்கு முன் லைன் ஓடும்போது வெப்பப் படம் எடுத்தால், மற்றதைவிட அது சூடாக நிற்பது தெரிய வாய்ப்பிருக்கிறது.

கதிர்வேலு_பீன்யா:

ஐயா, இன்னும் ஒரு சந்தேகம். முதலில் போன பீங்கானை உடைத்துப் பார்த்தோம், உள்ளே வட்டுகளுக்கு இடையில் இருந்த உலோகத் தகடுகளில் பச்சைப் பாசிபோல் களிம்பு இருந்தது. மற்ற மூன்றிலும் அப்படி இல்லை. அதுவும் ஜெனரேட்டரால்தான் போனதா?

சோதனைக்கூடம்_சுந்தரம்:

களிம்பு என்றால் ஈரம் நெடுநாளாக உள்ளே இருந்திருக்கிறது. அது 6.35 கிலோவோல்ட்டிலேயே போயிருக்கலாம், மிதக்கும் இரவு அதன் கடைசித் தள்ளாக இருந்திருக்கலாம். எரிந்த பிறகு உள்ளே மிஞ்சும் தடயம் பெரும்பாலும் ஷார்ட் மின்னோட்டத்தின் தடயமே, தொடக்கத்தின் தடயத்தை அது அழித்துவிடுகிறது. அந்த இரவு ஜெனரேட்டர் டிரிப் ஆகாத ஒரே இரவுதானா என்று பாருங்கள்.

கதிர்வேலு_பீன்யா:

ஆம் ஐயா, முதல் இரவில்தான் டிரிப் குறிப்பு இல்லை. ரிலேக்கும் பி.டி.க்கும் விலை கேட்டிருக்கிறேன். அவை வரும்வரை, எர்த் ஃபால்ட் கொடி விழுந்திருந்தால் பின்கோடிக்கு ஜெனரேட்டர் மின்சாரம் அனுப்பக் கூடாது என்று பிரேக்கர் பெட்டியின் கதவில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.